நூறுக்குப் பூச்சியம் தசம் ஒன்று குறைந்தால்
(கல்முனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையகத்திலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவந்திருக்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டின் இறுதித் தொகை 20,359,439. அதன் இனவாரி வீதங்களை ஒரு தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் சிங்களவர் 74.9, இலங்கைத் தமிழர் 11.1, சோனகர் 9.3, இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட எங்கள் மக்கள் 4.1, மலாயர் 0.2, பறங்கியர் 0.2, ஏனையோர் 0.1. கூட்டிப் பாருங்கள். 99.9 தான் வரும்.

ஆட்கள் எவரும் தொலைந்துவிடவில்லை. எங்கள் தொகை 839,504. அது 4.12 வீதம். மட்டந்தட்டும்போது அந்த 0.02 விழுந்துவிடுகிறது. ஏழு வரியிலும் இப்படிக் கொஞ்சம் விழும், கொஞ்சம் ஏறும். இம்முறை விழுந்தது அதிகம்.

துண்டுப்பிரசுரம் தயாரித்தபோது நாங்கள் பிழைவிட்டது இந்த இடத்தில்தான். முதலில் வெளியான விபரத்தில் எங்கள் வீதம் 4.2. இறுதி விபரம் வந்ததும் மற்ற வரிகளை மாற்றினோம், எங்கள் வரியை மாற்ற மறந்தோம். கூட்டினால் சரியாக 100.0 வந்தது! எல்லாம் சரி என்று நினைத்துவிட்டோம். நூறு வந்தது பிழையால். சரியான அட்டவணை தருவதோ 99.9.

அந்த 0.1 என்பது இருபதாயிரம் பேருக்கு மேல். அதை எங்கள் வரியில் ஏற்றினால் இல்லாத ஆட்களைச் சொன்னதாகும். சோனகர் வரியில் ஏற்றினாலும் அதேதான். நாளை ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டால் நமது மற்றக் கணக்குகளையும் நம்பமாட்டார்.

ஆகவே இப்போது இப்படிச் செய்கிறோம். புதிய விபரம் வந்தால் எல்லா வரிகளையும் ஆட்தொகையிலிருந்தே திரும்பக் கணிப்போம். மட்டந்தட்டுவது கடைசியில், ஒருமுறை மட்டும். வீதத்துக்குப் பக்கத்தில் ஆட்தொகையையும் போடுவோம். அது ஓர் ஆள் பிசகாமல் கூடவேண்டும். மொத்தத்தில் 100.0 என்றே எழுதி, கீழே ஒரு வரி சேர்ப்போம்: "மட்டந்தட்டியதால் வீதங்களின் கூட்டுத்தொகை 100 இலிருந்து சிறிது வேறுபடலாம்."

ஆனால் எந்த வித்தியாசத்துக்கும் அந்த வரியைச் சாட்டாக வைக்க முடியாது. ஒரு வரியில் மட்டந்தட்டலால் வரும் பிழை ஆகக்கூடியது 0.05. ஏழு வரிக்கு 0.35. வித்தியாசம் அதைத் தாண்டினால் காரணம் வேறு. ஒரு வரி விடுபட்டிருக்கும், அல்லது பழையதும் புதியதும் கலந்திருக்கும். அதற்குள் இருந்தாலும், எங்களுக்கு நடந்ததுபோல, பிழை ஒளிந்திருக்கலாம். ஆட்தொகையைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் கிளைகளிலும் இனி வீதம் மட்டும் உள்ள அட்டவணை வந்தால், ஆட்தொகை எங்கே என்று கேளுங்கள்.