முதுமைக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் எழுத்தராக இருந்தவன், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏரியூரில் என் அம்மா 84 வயதில் வாசற்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு 1.6 லட்சம். பெரிய செலவு முடிந்தது என்று நினைத்தோம். அதன் பிறகு 30 மாதம் படுக்கையில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவுக்குச் சம்பளம் 15,000, டயப்பருக்கு 3,200, மருந்து, சத்துமாவு, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய். மொத்தம் ஏழரை லட்சம். நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் தெரிந்தது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். நம் பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால் தருபவை. 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024-இல் விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்சமும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சைக்கு உதவும், அதனால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் புரட்டிப் படுக்க வைக்கும் கைகளுக்கு அதிலிருந்து பணம் வராது.

இப்போது என் கணக்கு. வயது 68. பிள்ளைகள் வெளியூரில். இரவுக்கும் ஆள் வேண்டும், ஆக இன்றைய விலையில் மாதம் 40,000. விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும் (72-ஐ வட்டியால் வகுக்கும் பழைய கணக்கு). என் 80-ஆவது வயதில் மாதம் 80,000. அம்மாவைப் போல 30 மாதம் என்றால் 24 லட்சம்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2024-இல் 8.2 சதவீதம் வட்டி இருந்தது, 30 லட்சம் வரை போடலாம். ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும். அதைச் செலவழித்தால் 10 லட்சம் 10 லட்சமாகவே நிற்கும், சம்பளம் மட்டும் இரண்டு மடங்காகும். வட்டியில் ஒரு பங்கையாவது ரெக்கரிங் டெபாசிட்டில் திருப்பிப் போடுங்கள்.

பிள்ளைகளோடு இருந்தால்? இரவு ஆள் மிச்சம். மாதம் 50,000 வீதம் 15 லட்சத்தில் முடியும். அந்த 9 லட்சம் எங்கே போனது? அம்மாவுக்கு இரவெல்லாம் விழித்திருந்தது என் தம்பி மனைவி. தையல் வேலையில் மாதம் 6,000 சம்பாதித்தவர், அதை நிறுத்திவிட்டார். என் நோட்டில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. நாங்கள் அண்ணன் தம்பிகள் பங்கு போட்டது வெளியே போன பணத்தை மட்டும்தான். போன தீபாவளிக்கு இதைச் சொன்னபோது, "இப்ப எதுக்கு மாமா அதெல்லாம்" என்று உள்ளே போய்விட்டார்.

என் உயிலில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என்னோடு தங்கிப் பார்ப்பவருக்கு, மகளோ மருமகளோ, இரவு ஆள் சம்பளம் மாதாமாதம் தனியாக, மிச்சம்தான் பங்கு. மகனிடம் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தான், பிறகு கால்குலேட்டரை எடுத்தான்.