சரண்டர் மதிப்பை அறிந்து கையெழுத்திடுவோம்
(திண்டிவனத்தில் விவசாயிகளிடையே நிகழ்த்திய பேச்சு)



மழை பொய்த்தாலோ, வீட்டில் திருமணம் கூடி வந்தாலோ, பெட்டியிலுள்ள ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரம் நம் நினைவுக்கு வருகிறது. அதை முடித்துப் பணம் பெறுவதைத்தான் 'சரண்டர்' என்கிறோம். கட்டியதெல்லாம் போனஸுடன் திரும்பும் என்று எண்ணி விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் நம்மில் பலர். கணக்கு அவ்வாறு வருவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். இவ்வூர் மணிலா விவசாயி ஒருவர் 2011இல் ஒரு லட்ச ரூபாய்க்கு, இருபத்தைந்து ஆண்டு எண்டோமென்ட் பாலிசி எடுத்தார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் பதினான்கு ஆண்டுகளில் 56,000 கட்டிவிட்டார். போனஸ் ஆண்டுக்கு 4,000 என வைத்தால் அதுவும் 56,000. இரண்டையும் கூட்டி 1,12,000 கிடைக்கும் என்று அவர் நம்புவது இயல்பே.

அந்தத் தொகை பொய்யன்று. ஆனால் 2036இல் கொடுக்க வேண்டிய தொகை அது. இருபத்தைந்தில் பதினான்கு பங்கு கட்டியதால், லட்சத்தில் 56,000 ரூபாயும், சேர்ந்த போனஸும் அவர் பெயரில் நிற்கின்றன. பதினோர் ஆண்டு முன்னதாகவே கேட்டால் அதற்குரிய வட்டியைக் கழித்தே தருவார்கள். அந்த விகிதம் நூற்றுக்கு 45 என்று கொண்டால் கைக்கு வருவது 50,400 ரூபாய். பாலிசியின் மேல் கடன் இருந்தால் அதுவும் வட்டியும் கழியும். குடும்பத்துக்கிருந்த பாதுகாப்பும் அன்றோடு முடியும்.

பத்திரத்தில் 'உத்தரவாத சரண்டர் மதிப்பு' என்றொரு வாசகம் உண்டு. அக்காலத்துப் பாலிசிகளில் மூன்றாண்டு பிரீமியம் கட்டிய பின்பே அது உண்டு. முதலாண்டுப் பிரீமியத்தை விட்டு மீதியில் நூற்றுக்கு முப்பது. நம் விவசாயிக்கு 15,600 ரூபாய். போனஸின் அன்றைய மதிப்பு தனி. இது குறைந்தபட்ச எல்லை. இரண்டு கணக்கில் அதிகமானதையே தருவார்கள். 2024 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் வந்த புதிய திட்டங்களில் ஓராண்டுப் பிரீமியம் கட்டி ஓராண்டு முடிந்தாலே சரண்டர் தொகை உண்டு. பழைய பத்திரத்துக்கு அதில் அச்சிட்ட விதியே விதி.

நம் விவசாயிக்குத் தேவை நாற்பதாயிரம்தான் என்றால் சரண்டர் செய்ய வேண்டியதேயில்லை. நடப்பிலுள்ள பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை, அதாவது 45,360 ரூபாய், கடன் கிடைக்கக்கூடும். வட்டியை மட்டும் நிலுவை வைக்கலாகாது. கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டினால் பாலிசியே முடிந்துவிடக்கூடும். பிரீமியம் கட்டவே இயலாதவர் கட்டுவதை நிறுத்தி, 1,12,000 ரூபாயை 2036இல் வாங்கிக் கொள்ளலாம். மேற்கொண்டு போனஸ் ஏறாது.

ஆகையால், கிளை அலுவலகத்தில் முதலில் சரண்டர் தொகையையும் கடன் தொகையையும் எழுத்தில் கேட்போம். எந்தத் தேதிக்குரிய கணக்கு என்பதையும் பார்ப்போம். அதன் பிறகே அசல் பத்திரம், பாங்கிப் புத்தக நகல், அடையாளச் சான்று ஆகியவற்றுடன் 5074 எண்ணுள்ள படிவத்தை நிரப்புவோம். தொகை தெரியாத நிலையில், வெற்றுப் படிவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்திட வேண்டாம். பணம் பட்டுவாடாவான பாலிசி திரும்ப உயிர் பெறுவதில்லை.