முதலில் ஐந்து பேருக்கு மட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இணையக் கடைகளுக்கு மென்பொருள் எழுதுறவங்க நாங்க. அந்தக் கடையில் ரொம்பக் கவனமாகக் கை வைக்க வேண்டிய இடம், பணம் கட்டும் பக்கம். அதை மாற்றும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் மாற்ற மாட்டோம்.

பழைய பக்கம், புதிய பக்கம் ரெண்டையும் கணினியில் வச்சிருப்போம். யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை ஒரு சுவிட்ச் முடிவு செய்யும். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு இல்லீங்களா? அதன் கடைசி இரண்டு இலக்கம் 00 முதல் 04 வரை இருந்தால் புதிய பக்கம். மற்றவர்களுக்குப் பழையது. ஆக, நூற்றுக்கு ஐந்து பேர். எண்ணை வச்சுப் பிரிப்பதால், ஒருவர் எத்தனை தடவை வந்தாலும் அதே பக்கம்தான் வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடைக்குத் தினம் 1000 பேர் வாங்க வர்றாங்க என்று வச்சுக்குவோம். 950 பேர் பழைய பக்கத்தில் பணம் கட்டுறாங்க. ஆர்டர் 950, வந்த பணமும் 950 தடவை. சரியாக இருக்கு. புதிய பக்கத்தில் ஆர்டர் 50, ஆனால் பணம் வந்தது 53 தடவை! பக்கம் மெதுவாக வந்ததால் 3 பேர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டாங்க. பழைய பக்கம் இரண்டாவது அமுக்கலை ஏற்காது. புதியதில் அந்தத் தடுப்பு விட்டுப்போச்சு.

உடனே சுவிட்சை அணைத்தால் எல்லோரும் பழைய பக்கத்துக்குப் போயிடுவாங்க. எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்திருந்தால் 60 பேருக்கு இப்படி ஆகியிருக்கும். ஆனாலும் சுவிட்ச் போன பணத்தைத் திருப்பித் தராது. அந்த 3 பேரையும் தேடிப் பிடித்து நாம்தான் பணத்தைத் திருப்ப வேண்டும்.

தவறைச் சரிசெய்த பிறகு மறுபடி 5, அப்புறம் 25, 50, 100 என்று கூட்டுவோம். சின்னக் கடை என்றால் ஒவ்வொரு படியிலும் அதிக நாள் காத்திருக்கணும். 200 பேரில் ஒருவருக்கு வரும் கோளாறு, 20 பேர் வாங்கினதைப் பார்த்துத் தெரியாமலே போகலாம்.

எல்லோருக்கும் திறந்து சில வாரம் நல்லபடியாக ஓடியதும் பழைய பக்கத்தையும் சுவிட்சையும் எடுத்துடணும். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனம், பழைய வேலைக்கு இருந்த சுவிட்சையே புது வேலைக்கும் பயன்படுத்தியது. எட்டு கணினிகளில் ஒன்றில் மட்டும் புது நிரலை ஏற்றாமல் விட்டுட்டாங்க. 2012 ஆகஸ்ட் 1 அன்று சுவிட்சைப் போட்டதும், அந்த ஒரு கணினியில் கைவிட்ட பழைய நிரல் ஓட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

அதனால் சுவிட்ச் வைக்கிற அன்றைக்கே, அதை எடுக்கிற தேதியையும் குறித்து வைப்போம்.