எண் மாறினாலும் பெயர் ஒன்றே

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் சர்வரை ஓடவிட்டு, ஊருக்கு ஒருவராக இருக்கும் நண்பர்களைக் கூட்டி விளையாடும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். சனிக்கிழமை ராத்திரி வரை ஆட்டம் ஜோராக நடக்கும். ஞாயிறு காலை கரண்ட் போய் வந்ததும் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. லேப்டாப் ஓடுகிறது, சர்வரும் ஓடுகிறது. மாறிப்போனது வீட்டின் ஐபி முகவரி.

இணைய நிறுவனம் நம் ரௌட்டருக்குக் கொடுக்கும் அந்த முகவரி பெரும்பாலும் நிரந்தரம் இல்லை. ரௌட்டர் அணைந்து மீண்டும் இயங்கினால் வேறொன்று வரலாம். நேற்று 203.0.113.25 என்று நண்பர்களுக்குச் சொல்லியிருப்போம்; இன்று நம்முடையது 203.0.113.140. நண்பர்கள் இன்னமும் பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு வழிதான் டைனமிக் டிஎன்எஸ். நண்பர்களிடம் எண்ணைக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுத்துவிடுவது. அந்தப் பெயர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை நம் வீட்டுக் கணினியே அவ்வப்போது திருத்திக்கொள்வது. டக்டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையில் பதிவுசெய்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதன் பின்னால் duckdns.org சேர்ந்து வரும். கூடவே டோக்கன் என்று நீளமான ரகசியக் குறி ஒன்றும் கிடைக்கும். சர்வர் ஓடும் லேப்டாப், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரையும் டோக்கனையும் சொல்லிச் சேவையைக் கூப்பிடும்படி அமைத்துவிட வேண்டும். நம் எண் என்னவென்று நாம் சொல்லவே வேண்டாம். அழைப்பு எந்த எண்ணிலிருந்து வருகிறதோ, சேவை அதையே குறித்துக்கொள்ளும். சரியென்றால் OK என்றும், தவறென்றால் KO என்றும் பதில் வரும். டோக்கனை மட்டும் யாரிடமும் காட்டாதீர்கள். அது கையில் இருப்பவர் உங்கள் பெயரை எந்தக் கணினிக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம்.

கரண்ட் வந்து இணையம் எழுந்த பிறகு, பெயர் புது எண்ணுக்கு மாறச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் நுழைய முடியவில்லை என்றால் பதற வேண்டாம்.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. வந்தவரை ரௌட்டர் சரியான கணினிக்கு அனுப்ப வேண்டும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு வழக்கமாக 25565 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அந்தப் போர்ட்டுக்கு வருவதை லேப்டாப்புக்கு அனுப்பு என்று ரௌட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் சொல்ல வேண்டும். அதோடு லேப்டாப்பின் உள்முகவரியையும், உதாரணமாக 192.168.1.20 என்று, ரௌட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே கரண்ட் வெட்டில் உள்முகவரியும் மாறிவிடக்கூடும். அப்போது ரௌட்டர் வருகிறவர்களை யாருடைய போனுக்கோ அனுப்பிக்கொண்டிருக்கும்.

பலர் இவ்வளவும் செய்துவிட்டு, OK என்ற பதிலையும் பார்த்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். காரணம் பெரும்பாலும் சிஜிநாட். ஐபி முகவரிகள் பற்றாததால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்திருக்கும். ஐம்பது வீடு உள்ள அடுக்குமாடியின் தெருவாசல் வரை வந்துவிட்ட விருந்தாளியிடம் கதவு எண் இல்லை என்றால் என்ன ஆகும்? அதே கதைதான். பெயர் பொது முகவரியைச் சரியாகவே காட்டும். அங்கிருந்து நம் வீட்டுக்கு வழி இருக்காது.

ஆகவே எதையும் தொடங்குமுன் இதைப் பாருங்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். பிரவுசரில் உங்கள் ஐபி எதுவென்று தேடினால் வெளியிலிருந்து தெரியும் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. WAN எண் 100.64 முதல் 100.127 வரையான வரிசையிலோ, 10 என்றோ தொடங்கினால் பகிர்ந்த முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இணைய நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நிலையான முகவரியே கிடைத்துவிட்டால் டைனமிக் டிஎன்எஸ் உங்களுக்குத் தேவையே இல்லை!

நண்பர் திரையில் வரும் செய்தியும் துப்புக் கொடுக்கும். Unknown host என்றால் பெரும்பாலும் பெயரைத் தவறாக அடித்திருக்கிறார். Connection refused என்றால் அநேகமாகக் கணினி வரை வந்துவிட்டார், அங்கே சர்வர் ஓடவில்லை. Connection timed out என்று வந்தால் பழைய எண், ஃபார்வர்டிங், ஃபயர்வால், சிஜிநாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சோதிக்கும்போது வீட்டு வைஃபையை நம்பாதீர்கள். வெளியே நன்றாக வேலை செய்யும் பெயரைக்கூடச் சில ரௌட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து திறக்கவிடாது. வெளியூர் நண்பர் ஒருவரை நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போர்ட்டைத் திறந்துவிட்டால் நண்பர்கள் மட்டுமல்ல, திறந்த சர்வர்களைத் தேடி அலைகிறவர்களும் வருவார்கள். சர்வர் திரையில் whitelist on என்று அடித்து, whitelist add என்பதற்குப் பின் நண்பர்களின் ஆட்டப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவரைச் சர்வரே வாசலில் திருப்பி அனுப்பிவிடும்.