ரப்பர்ப் பாலில் ஐந்து கரிமங்கள்



சுங்கை பூலோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம். 1926-இல் தன் பணியைத் தொடங்கிய அந்தக் கழகத்தின் பெயரை, சுருக்கி ஆர்.ஆர்.ஐ. என்றே நம்மவர் சொல்வார்கள். அங்குள்ள தமிழ்ப் பள்ளியும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1998-இல் கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. தோட்டத்து நிலத்தின் பெரும்பகுதி இப்போது புதுநகரமாகி வருகிறது. ஆனாலும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகையை அறியாத ரப்பர்த் தோட்டம் அரிது.

விடியற்காலையில் பட்டையைச் சீவிக் கிண்ணத்தில் பிடிக்கும் அந்தப் பாலுக்குள் என்ன இருக்கிறது? நீரும் புரதமும் சர்க்கரையும் போக மிஞ்சுவது ஒரு நீண்ட சங்கிலி. ஒரே வளையத்தை ஆயிரக்கணக்கான தடவை கோத்த சங்கிலி அது. ஒவ்வொரு வளையத்திலும் ஐந்து கரிம அணுக்கள், எட்டு ஹைட்ரஜன் அணுக்கள். இந்த எட்டும் அந்த ஐந்தில் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதை ஒரு கருவி எப்படிச் சொல்கிறது என்பதே இன்றைய பேச்சு.

கரிமங்களுக்கு முதலில் பெயர் வைத்துக்கொள்வோம். மூன்று ஹைட்ரஜனைச் சுமக்கும் கரிமம் மெதில். இரண்டைச் சுமப்பது மெதிலீன். ஒன்றை மட்டும் சுமப்பது மெதைன். ஒன்றுமே இல்லாமல் நான்கு கைகளாலும் கரிமத்தையோ வேறு அணுவையோ பிடித்துக்கொண்டிருப்பது நான்கிணையக் கரிமம். வேதியியலாருக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். ஒரு பொருளின் அமைப்பைக் காகிதத்தில் வரைந்துவிட்டால் போதாது, அதில் ஒவ்வொரு வகையும் எத்தனை என்று காட்டியாக வேண்டும்.

கருவியின் பெயர் அணுக்காந்த ஒத்ததிர்வு. பொருளை வலிய காந்தத்துக்குள் வைத்து வானொலி அலையால் தட்டினால் சில அணுக்கருக்கள் திருப்பி ஒலிக்கும். கரிமத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் இப்படி ஒலிக்கும். மற்றவை ஊமைகள். ஒலிக்கும் கரிமம் ஒவ்வொன்றும் தான் இருக்கும் சூழ்நிலைக்கு ஏற்பத் தாளில் ஒரு தனி இடத்தில் கோடாக எழும். அந்த இடத்தைப் பிபிஎம் என்ற அளவில் குறிக்கிறோம். சாதாரணமாக எடுக்கும்போது ஹைட்ரஜன்கள் எல்லாவற்றையும் மற்றோர் அலையால் கலைத்துவிடுகிறோம். இல்லையென்றால் மெதில் நான்கு கோடாகவும், மெதிலீன் மூன்றாகவும், மெதைன் இரண்டாகவும் உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழப்பம்தான் மிஞ்சும். கலைத்தால் ஒரு கரிமத்துக்கு ஒரு கோடு. படம் துப்புரவாகிவிடும். ஆனால் எந்தக் கோட்டில் எத்தனை ஹைட்ரஜன் என்ற செய்தியும் அதோடு துடைத்தெறியப்படும்.

துப்புரவையும் விடாமல் செய்தியையும் இழக்காமல் இருக்கும் வழியை 1982-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டாட்ரல், பெக், பென்டால் என்ற மூவர் வெளியிட்டார்கள். டெப்ட் என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறோம். அதன் உட்பொருள் இதுதான். கரிமத்தை நேராகத் தட்டி அதன் மெல்லிய ஒலிக்குக் காத்திருப்பதில்லை. வலுவாக ஒலிக்கும் ஹைட்ரஜனிலிருந்து தொடங்கி, அந்த வலுவைப் பக்கத்துக் கரிமத்துக்குக் கைமாற்றுகிறோம். கைமாற ஒரு குறிப்பிட்ட நேரம் வேண்டும். பெரும்பாலான பொருள்களுக்கு அது ஏறத்தாழ மூன்றரை மில்லிவினாடி. ஹைட்ரஜன் இல்லாத கரிமத்துக்குக் கைமாற்ற யாருமில்லை. ஆகவே அது படத்தில் வராது.

கடைசியில் ஹைட்ரஜனுக்குக் கொடுக்கும் தட்டின் கோணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோணத்தைச் சுழியிலிருந்து 180 பாகைவரை கூட்டிக்கொண்டு போனால், மெதைன் மெல்ல ஏறி 90-இல் உச்சியைத் தொட்டு இறங்கும். மெதிலீன் 45-இலேயே உச்சிக்குப் போய், 90-இல் சுழியாகி, 135-இல் தலைகீழாகத் தொங்கும். மெதில் இரு பக்கமும் ஏறும், ஆனால் நடுவே 90-இல் சுழிக்கு வந்துவிடும். ஆகவே 90 பாகையில் எடுத்த படத்தில் மெதைன் மட்டும் நிற்கும். 135-இல் எடுத்தால் மெதைனும் மெதிலும் மேலே, மெதிலீன் கீழே. இரண்டையும் சாதாரணப் படத்தோடு பக்கத்தில் வைத்தால் நான்கு வகையும் பிரிந்துவிடும்.

இப்போது நம் ரப்பரை எடுத்துக்கொள்வோம். காய்ந்த ரப்பர் ஷீட்டிலிருந்து ஐம்பது மில்லிகிராம் அளவு பொடியாக நறுக்கி, கனஹைட்ரஜன் உள்ள குளோரோஃபார்மில் ஊறவிட வேண்டும். ரப்பர் உடனே கரையாது, முதலில் ஊதும். ஓர் இரவாவது பொறுக்க வேண்டும். சில ஷீட்டுகளில் ஒரு பகுதி கரையாமல் கூழாக நின்றுவிடும். அதை வடிகட்டாமல் குழாயில் ஊற்றினால் கோடுகள் அகன்று மழுங்கிவிடும். அவசரப்பட்டு ரப்பரை அதிகம் போட்டால் கரைசல் தேன்போல் தடித்து அதே கதிதான்.

சாதாரணப் படத்தில் ஐந்து கோடுகள் வருகின்றன. 135, 125, 32, 26, 23 என்ற இடங்களில். இவை தவிர 77-இல் மூன்று கோடுகள் நெருங்கி நிற்கும். அவை கரைப்பானுக்கு உரியவை. 135-உம் 125-உம் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இரு கரிமங்கள் என்று இடத்தைப் பார்த்தே சொல்லலாம். ஆனால் எதில் ஹைட்ரஜன் இருக்கிறது? இப்போது 90 பாகைப் படத்தைப் பாருங்கள். 125 மட்டும் தனியாக நிற்கிறது. அதுதான் மெதைன். 135 பாகைப் படத்தில் 125-உம் 23-உம் மேலே, 32-உம் 26-உம் கீழே. 135-இல் இருந்த கோடு இரண்டிலும் இல்லை. அதுவே நான்கிணையம். கணக்கைச் சரிபார்ப்போமா? மெதிலுக்கு மூன்று, இரண்டு மெதிலீனுக்கு நான்கு, மெதைனுக்கு ஒன்று. கூட்டினால் எட்டு. ஒன்றும் மிச்சமில்லை, குறையுமில்லை.

கரைப்பானின் 77-உம் டெப்ட் படங்களில் மறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். அதில் சாதாரண ஹைட்ரஜன் கிடையாது. அந்தக் கோடு டெப்ட்டிலும் எட்டிப் பார்த்தால், ஏதோ ஒழுங்கில்லை என்று பொருள்.

ஒழுங்கின்மை பெரும்பாலும் கோணத்தில் இருக்கும். 90 பாகை என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் 80 பாகையாக இருந்தால், மெதிலீன்கள் மெதைனின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேலே கிளம்பிவிடும். மெதிலோ பத்தில் ஒரு பங்குதான். தட்டு 100 பாகைக்கு நீண்டிருந்தால் மெதிலீன்கள் அதே அளவு கீழே தொங்கும். ஆகவே கசிவின் திசையே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடும். 90 பாகைப் படத்தில் ரப்பரின் 32-உம் 26-உம் தலைகாட்டினால், புது மெதைன்களைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ வேண்டாம். ஹைட்ரஜன் தட்டின் நேரத்தை அதே குழாயை வைத்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பொருளில் செய்த ஒத்திகை. தெரியாததில் இது எதற்கு உதவும்? ரப்பர்ப் பாலைக் காடிச் சத்துள்ள ஒரு மருந்தாலும் ஹைட்ரஜன் பெராக்சைடாலும் பக்குவப்படுத்தினால், இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பங்கு ஓர் ஆக்சிஜனை ஏற்று மூன்று மூலை வளையமாகிவிடும். இதை எபாக்சி ரப்பர் என்கிறோம். எண்ணெய்க்குச் சாதாரண ரப்பரைவிட நன்கு தாங்கும், காற்றை எளிதில் விடாது. வளையங்கள் பாதி அளவு இருப்பதற்கு ஐம்பது என்றும், கால்பங்கு இருப்பதற்கு இருபத்தைந்து என்றும் பெயர். மலேசிய ரப்பர் ஆய்வாளர்கள் 1980-களில் வளர்த்தெடுத்த சரக்கு இது.

இதன் படத்தில் புதிதாக இரண்டு கோடுகள் எழுகின்றன. ஏறத்தாழ 64.5-லும் 61-லும். டெப்ட் 90-இல் முன்னது நிற்கிறது, பின்னது காணோம். ஆக ஆக்சிஜன் வளையத்தின் ஒரு மூலை மெதைன், மற்றொரு மூலை நான்கிணையம். பழைய 125-உம் 135-உம்தான் உருமாறி இங்கே வந்திருக்கின்றன என்பது ஐயமில்லாமல் தெரிகிறது. இந்த வளையத்தில் ஹைட்ரஜனுக்கும் கரிமத்துக்கும் உள்ள பிடிப்பு சற்று வலுவானது. அதனால் மூன்றரை மில்லிவினாடி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தாது. கோடு சிறிது குறையும், ஆனால் மறையாது. 22-இலிருந்து 33 வரை மெதில்களும் மெதிலீன்களும் சந்தைக் கூட்டம்போல் நெருங்கி நிற்கும். அங்கே 135 பாகைப் படம் அவற்றை மேலும் கீழுமாகப் பிரித்துவைப்பது பெரிய உபகாரம்.

தொழிற்சாலைக்காரர்களுக்குக் கவலை தரும் இடம் வேறு. புளிப்பு மிகுந்தோ சூடு மிகுந்தோ போனால் வளையங்கள் திறந்துகொள்ளும். ரப்பர் விறைத்துப் போகும். திறந்த வளையங்கள் 70-இலிருந்து 85 வரை புதுக்கோடுகளைத் தரும். சாதாரணப் படத்தில் இவற்றில் சில 77-இல் உள்ள கரைப்பானின் நிழலில் ஒளிந்துகொள்ளும். டெப்ட்டில் கரைப்பான் மறைவதால், ஒளிந்திருந்த மெதைன் வெளியே வந்து நிற்கும். ஆனால் ஹைட்ரஜன் இல்லாத கரிமம் அங்கே ஒளிந்திருந்தால் டெப்ட் காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு கரைப்பானில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான்கிணையத்தைப் பற்றிய இந்த எச்சரிக்கை பொதுவானது. டெப்ட்டில் இல்லை என்பதால்தான் அதை அடையாளம் காண்கிறோம். இல்லாமையைச் சாட்சியாக வைக்க வேண்டுமானால், சாதாரணப் படத்தில் அது இருந்தாக வேண்டும். அங்கேயும் அந்தக் கோடு குட்டையாகவே இருக்கும். ஹைட்ரஜன் அருகில் இல்லாததால் தட்டிய பின் நிதானமாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். சிறிய மூலக்கூறுகளில் இது மிகவும் தெரியும். ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையில் சில வினாடிகள் பொறுக்காவிட்டால், அது இரண்டு படங்களிலும் காணாமல் போய், எண்ணிக்கையில் ஒரு கரிமம் குறைந்துவிடும்.

இனி, எபாக்சி ரப்பர் வாங்குபவர் கேட்பார், ஐம்பது என்று எழுதிய சரக்கில் உண்மையில் எத்தனை என்று. டெப்ட் படத்தில் கோடுகளின் உயரத்தை அளந்து அதற்குப் பதில் சொல்லக் கூடாது. அங்கே உயரத்தைத் தீர்மானிப்பவை கோணமும் கைமாறும் நேரமும். அளவுக்கு ஹைட்ரஜன் படமே போதும். அதில் இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன் 5.1-லும், வளையத்தின் ஹைட்ரஜன் 2.7-லும் நிற்கின்றன. இரண்டும் ஓரலகுக்கு ஒன்றுதான். 2.7-இன் பரப்பு 48, 5.1-இன் பரப்பு 52 என்று வந்தால், நூற்றுக்கு 48 வளையம். வளையங்கள் எதுவும் திறக்கவில்லை என்று டெப்ட் உறுதி சொன்ன பிறகுதான் இந்தக் கணக்கு செல்லும்.