குடத்து நீருக்கு எத்தனை நாள்?

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் எங்கள் வீதியிலுள்ள ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பிடித்து வைத்த தண்ணீரை எத்தனை நாள் வரையில் குடிக்கலாம், ஐயா?" என்றார். கேள்வி மிக எளியது. ஆனால் இன்ன நாள் என்று ஒரே சொல்லில் என்னால் விடை கூற முடியவில்லை. பால் புளிப்பதைப் போலவோ சோறு ஊசுவதைப் போலவோ தண்ணீர் தானாகக் கெடுவதில்லை. அதை வைத்திருக்கும் பாத்திரத்தின் உட்சுவரும், அதனுள் நுழையும் கையும், திறந்து கிடக்கும் வாயும்தாம் அதைக் கெடுக்கின்றன. ஆதலால் "எத்தனை நாள்?" என்ற கேள்வியை ஒவ்வொரு பாத்திரத்தினிடமும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலியில் குடியிருக்கும் ஒருவன் தண்ணீரைச் சேர்த்து வைப்பதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்க வேலையே நடக்கும். அப்படி இறைக்கும் ஊரிலும், குழாயில் வேளை பார்த்துத்தான் நீர் பிடிக்கிறோம். பிடித்ததைக் குடத்திலும் தவலையிலும் டிரம்மிலும் வைத்துக்கொள்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததல்லவா? அதன் பிறகு இந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் வலுத்துவிட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, மாவட்டம் முழுவதும் மின்சாரமின்றித் தவித்த நாட்களை நினைத்து, இருநூறு லிட்டர் கொள்ளும் டிரம் ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறத்தில் வைத்தேன். அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது என் உத்தரவு.

அந்த உத்தரவால் விளைந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மறு ஆண்டு, 2012-இல், தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் மிகுதியாகப் பரவியது. மழை தொடங்கிய சமயத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் காய்ச்சலில் விழுந்தாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். எலும்பெல்லாம் முறிவதுபோல் இருக்கிறது என்றாள். இரத்தத்தைச் சோதித்ததில் டெங்கு என்று தெரிந்தது. பத்து நாட்கள் வீடே கலங்கிப்போயிருந்தது. பிறகு தேறிவிட்டாள்.

அந்த நாட்களில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு வீடாக வந்தார். இளம்பெண். என் டிரம்மின் மூடியைத் தூக்கிக் கைவிளக்கை உள்ளே அடித்தார். நீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிய சிறு புழுக்கள், ஒளி பட்டவுடன் நெளிந்து நெளிந்து அடியை நோக்கி இறங்கின. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், வியப்பு ஒரு பக்கம். "வாரந்தோறும் இதிலுள்ள நீரை மாற்றுகிறோமே, அம்மா!" என்றேன். "எப்படி மாற்றுகிறீர்கள், ஐயா?" என்று அவர் கேட்டார். மொண்டு செலவழித்துவிட்டு, அடியில் இரண்டு குடம் அளவு எஞ்சியதும் மேலே புது நீரை நிரப்புவோம்; டிரம்மைக் கவிழ்ப்பது கடினம் என்றேன். "அந்த இரண்டு குடத்தில்தான் எல்லாம் இருக்கின்றன, ஐயா. சுவரையும் தேய்க்கவில்லையே!" என்றார் அவர்.

முப்பது ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்னவனுக்கு அன்று பாடம் கிடைத்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டைகளை நீரின் மேல் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டை பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. நீர்மட்டம் உயர்ந்து அதை நனைத்ததும் பொரிக்கிறது. நமது வெப்பத்தில், புழுவாகிப் பின் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறந்துபோக ஏழெட்டு நாட்கள் போதும். நானோ வாரந்தோறும் புது நீர் ஊற்றிச் சுவரிலிருந்த முட்டைகளை நனைத்து எழுப்பிக்கொண்டிருந்தேன். முன்பே பொரித்த புழுக்கள், மொள்ளும் அசைவு பட்டதும் அடிக்கு இறங்கி, அந்த இரண்டு குடத்தில் பத்திரமாகத் தங்கிவிட்டன. என் மகளைக் கடித்த கொசு அந்த டிரம்மிலிருந்துதான் வந்தது என்று நான் சாதிக்க முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

இப்பொழுது நாங்கள் செய்வது இது. சனிக்கிழமை மாலைக்குள் டிரம்மின் நீரைச் செலவழித்துவிடுவோம். ஞாயிறு காலையில் அதைச் சாய்த்து, எஞ்சியதை உலர்ந்த மண்ணில் ஊற்றுவோம். சாக்கடையில் ஊற்றினால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும். பிறகு நீர்மட்டம் நின்ற வளையத்தைத் தேங்காய் நாரும் சோப்புத்தூளும் கொண்டு அழுத்தித் தேய்த்து, அலசி, வெயிலில் உலர்த்தி, அதன் பின்னரே நிரப்புவோம். மூடியின் கீழே துணி ஒன்றை இழுத்துக் கட்டுகிறோம். மூடி மட்டும் போதாது, விளிம்பின் சிறு இடுக்கு ஒரு கொசுவுக்கு அகலமான வாயில். பெரிய பாத்திரங்களுக்கு ஏழு நாளுக்கு மேல் தவணை கிடையாது. கொசுவின் கணக்கு அப்படி. இந்த நீரும் கைகால் கழுவவும் துணி துவைக்கவுமே. குடிநீரின் கணக்கு வேறு.

குடிநீருக்கு எங்கள் வீட்டில் மண்பானைதான். அதைப் பற்றி ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். குழாய் நீரில் கலந்த குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் பெட்டி உண்டு. நீரில் சில துளி மருந்தை விட்டால், குளோரின் இருக்குமானால் மஞ்சள் நிறம் தோன்றும். காலையில் குழாயிலிருந்து பிடித்த நீர் மஞ்சளாயிற்று. அதே நீரை மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் வைத்து மாலையில் பார்த்தேன். குடத்து நீரில் மங்கலான மஞ்சள் இருந்தது. பானை நீரில் நிறமே இல்லை. பானையின் நுண்துளைகளில் படிந்திருக்கும் அழுக்கும் வழவழப்பும் குளோரினைத் தின்றுவிடுகின்றன. காவற்காரன் போனபின் நீர் உடனே கெட்டுவிடும் என்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு உள்ளே நுழையும் கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை.

நுழைவது எவ்வாறு? பெரும்பாலும் நமது கையாலேதான். தம்ளரைப் பானைக்குள் முக்கி எடுக்கும்போது விரல் நுனிகளும் நனைகின்றன. கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் இதை ஆராய்ந்து 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். காலரா கண்ட வீடுகளில் சிலவற்றுக்கு, கை நுழைய முடியாத ஒடுங்கிய கழுத்துடைய மண்கூஜாக்களைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் நோய் மற்றவர்களைத் தொற்றியது, ஏதும் கொடுக்கப்படாத வீடுகளோடு ஒப்பிட, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பாத்திரத்தின் கழுத்தை ஒடுக்கியதற்கே அவ்வளவு பலன்!

ஆகவே பானை நீரை நாள்தோறும் காலையில் மாற்றுங்கள். பழைய நீரின்மேல் புது நீரை ஊற்றாதீர்கள். உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால், நீர் எவ்வளவு தெளிவாக இருப்பினும், பாத்திரத்தைத் தேய்க்கும் வேளை வந்துவிட்டது. நார் போதும், சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு நீரில் விடும். நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு, அதை வெளியே உயரத்தில் தொங்கவிடுங்கள். இன்னொன்று: நல்ல பானை வெளியே வியர்க்கும்; அதனால்தான் நீர் குளிர்கிறது. வியர்ப்பது நின்றால் துளைகள் உப்பாலும் அழுக்காலும் அடைபட்டுவிட்டன என்று பொருள். நாருக்கும் வெயிலுக்கும் அது மசியாவிட்டால் புதுப் பானை வாங்குவதே நன்று.

செப்புத் தவலையைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னது வெறும் நம்பிக்கையன்று. பெங்களூரில் ஆராய்ந்தவர்கள், வயிற்றுப்போக்கையும் காலராவையும் உண்டாக்கும் கிருமிகளை நீரில் கலந்து செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தேடியபோது ஒன்றும் உயிரோடு கிடைக்கவில்லை. 2012-இல் அது வெளியாயிற்று. நீரில் இறங்கிய செம்பின் அளவும், உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆனால் அந்த 16 மணி நேரத்தைக் கவனியுங்கள். மாலை ஐந்து மணிக்கு நிரப்பினால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் அந்தத் தவணை நிறைகிறது. நடுவில் ஒரு சொம்பு புது நீர் ஊற்றினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரப்பிய மறுநாள் மாலைக்குள் குடித்து முடித்து, புளியால் துலக்கி, நன்றாக அலசி, மீண்டும் நிரப்புவதே முறை. அதில் மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் வைக்கக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து வாந்தியை உண்டாக்கும். பச்சைக் களிம்பு கண்டால் துலக்காமல் பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஈயம் பூசிய பழந்தவலையிலும், பளபளப்புக்காக மெருகெண்ணெய் பூசி விற்கும் புதுக் குடத்திலும் நீர் செம்பைத் தொடுவதே இல்லை. அவை வெறும் பாத்திரங்கள்தாம்.

கேண்டில் வைத்த வடிகட்டியில் மேல் அறையைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். நீர் சொட்டும் வேகம் குறைந்தால் கேண்டிலை எடுத்து மென்மையான தூரிகையால் நீரில் தேய்க்கிறார்கள். அது சரியே. விரிசல் கண்டால் தூக்கி எறிந்துவிட வேண்டும். விரிசல் வழியே நீர் வடிகட்டப்படாமலே இறங்கிவிடும். மறக்கப்படுவது கீழ் அறை. வடிந்த நீர் தூய்மையானது என்ற நினைவில் அதை மாதக்கணக்கில் கழுவாதவர்கள் உண்டு. தேங்கிய நீரும் வழவழப்பும் அங்கேதான் இருக்கும். குழாய்த் திருகின் உட்புறம் கறுத்திருக்கும். வடிந்த நீரையும் ஒரு நாளுக்குமேல் வைக்காமல், வாரம் ஒருமுறை கீழ் அறையையும் திருகையும் வெந்நீரால் கழுவுங்கள்.

வெளியூர் சென்று பல நாட்கள் கழித்துத் திரும்பினால், வீட்டிலுள்ள நீர் எதையும் குடிக்க வேண்டாம். நாங்கள் புறப்படும் முன்பே பானையையும் தவலையையும் கவிழ்த்து வைத்துவிடுவோம்; டிரம்மைக் காலி செய்து, தேய்த்து, வாயைத் துணியால் கட்டிவிடுவோம். திரும்பி வந்தபின், அது எவ்வளவு உலர்ந்து கிடந்தாலும், நிரப்புவதற்கு முன்பு அந்தப் பழைய நீர்வளையத்தை இன்னொரு முறை தேய்ப்பது என் வேலை.