முன்னால் கட்டியவர்களுக்கு எவ்வளவு ஆனது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ட்ராம் விடுவதற்காக 2004ஆம் ஆண்டு ஒரு திட்டம் தயாரானது. இரண்டாம் வழித்தடம் என்று பெயர். அடிப்படைச் செலவு 25.5 கோடி பவுண்டு. எதிர்பாராத செலவுக்கென்று அதன்மேல் கால் பங்கு சேர்த்து, சுமார் 32 கோடியில் முடியும் என்றார்கள். கேட்பதற்கு நிதானமான கணக்குதான். அதைச் சரிபார்க்க வந்த அரப் நிறுவனம், இந்தக் கணக்கோடு நிற்காமல் வெளியே பார்த்தது. இதற்குமுன் போடப்பட்ட ரயில் பாதைகளுக்கு முதலில் சொன்ன தொகை எவ்வளவு, கடைசியில் ஆன தொகை எவ்வளவு? டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் பென்ட் ஃபிளிவ்பியா அப்படிப்பட்ட 46 ரயில் திட்டங்களின் விவரத்தைத் திரட்டி வைத்திருந்தார். செலவு எத்தனை சதவீதம் ஏறியது என்று அவற்றை வரிசைப்படுத்தினால், பாதித் திட்டங்கள்தான் 40 சதவீத ஏற்றத்துக்குள் முடிந்திருக்கின்றன. பத்தில் எட்டு அடங்க வேண்டுமானால் 57 சதவீதம் கூட்ட வேண்டும். அதை 25.5 கோடியின்மேல் போட்டுப் பாருங்கள். பணம் போதுமா போதாதா என்பது பாதிக்குப் பாதி என்றால்கூட 35.7 கோடி வேண்டும். ஓரளவு நிம்மதியாகத் தூங்க 40 கோடி வேண்டும். 32 கோடியைத் தாண்டிவிடவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்துவிட்டது.

ஒரு வேலையை அதுபோன்ற பழைய வேலைகளின் கூட்டத்தில் நிறுத்தி மதிப்பிடும் இந்த முறையின் வேர், உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை. திட்டம் போடுகிறவர் தன் வேலையின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார். அந்த ஓட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இதைத்தான் திட்டமிடல் மாயை என்றார்கள். சரி, கொஞ்சம் அவநம்பிக்கையோடு யோசித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். கெட்டதைக் கற்பனை செய்யும்போதும் நமக்குத் தெரிந்த கெட்டதைத்தான் கற்பனை செய்கிறோம். நினைத்தே பார்க்காதது வந்து நிற்கும்போது அதற்கு நாள் ஒதுக்கியிருப்பதில்லை. முடிந்துபோன திட்டங்களின் இறுதித் தொகையில் அந்த நினைக்காததும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. இந்த முறையின் பலமே அதுதான்.

பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு, எங்கள் திட்டம் வேறு மாதிரி என்பது. வேறு மாதிரிதான், மறுக்கவில்லை. எடின்பரோவின் தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களும் கம்பிகளும் வேறெந்த ஊரிலும் அதே இடத்தில் இருக்காது. ஆனால் தெருவைத் தோண்டினால் வரைபடத்தில் இல்லாத குழாய் தட்டுப்படும் என்பது எல்லா ஊருக்கும் பொது. எந்தக் குழாய் என்று இந்த முறை சொல்லாது. அப்படிப்பட்டவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு செலவு வைக்கும் என்று மட்டுமே சொல்லும். இதைவிட வலுவான மறுப்பு, எதை எதோடு ஒப்பிடுவது என்பது. ட்ராமை ட்ராமோடு மட்டும் ஒப்பிட்டால் கையில் மிஞ்சுவது சில திட்டங்களே. சாலைகளையும் சேர்த்தால் கணக்கு நீர்த்துப்போகும், ஏனென்றால் சாலைகளில் 15 சதவீதம் கூட்டினாலே பாதித் திட்டங்கள் அடங்கிவிடுகின்றன. இதில் கறாரான விதி கிடையாது, தேர்வு செய்பவரின் விவேகம்தான். அப்படியானாலும், பொருத்தம் சற்றுத் தளர்ந்த கூட்டத்தோடு ஒப்பிடுவது, எதோடும் ஒப்பிடாமல் இருப்பதைவிட மேல் என்றே நினைக்கிறேன். இன்னொரு பயமும் நியாயமானது: கூடுதல் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அதையும் செலவழித்துவிட மாட்டாரா? ஆகவே அந்தத் தொகை பணம் கொடுப்பவரின் கையில் இருக்க வேண்டும்; காரணம் காட்டிக் கேட்டால்தான் இறங்க வேண்டும்.

எடின்பரோவில் பிறகு நடந்தது இந்த முறையின் எல்லையையும் காட்டுகிறது. வழித்தடங்கள் மாற்றி இணைக்கப்பட்டன. விமான நிலையத்திலிருந்து நியூஹேவன் வரையான பாதைக்கு 54.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். பூமிக்கடியில் இருந்த குழாய்களை நகர்த்தும் வேலை இழுத்தடித்தது. ஒப்பந்தக்காரரோடு தகராறு முற்றியது. 2014 மே மாதம் ட்ராம் ஓடத் தொடங்கியபோது செலவு 77.6 கோடியைத் தொட்டிருந்தது. அதுவும் யார்க் பிளேஸ் வரைக்கும்தான். நியூஹேவனுக்கு ட்ராம் போய்ச் சேர்ந்தது 2023இல். பழைய திட்டங்களின் சராசரியைப் பார்த்து எச்சரித்தவர்கள்கூட இந்த ஒப்பந்தம் இப்படிக் கெடும் என்று சொல்லியிருக்க முடியாது. தவிர, மயக்கத்தால் குறைத்துச் சொல்வது வேறு. அனுமதி கிடைக்கட்டும் என்று தெரிந்தே குறைத்துச் சொல்வது வேறு. இரண்டும் நடக்கிறது என்கிறார் ஃபிளிவ்பியா. தெரிந்தே சொல்பவரிடம் பழைய கணக்கைக் காட்டிப் பயனில்லை. கானமனின் கட்டுரை அவருக்குத் தேவைப்படாது. அந்தக் கணக்கை அவருடைய திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.